பதினொரு நிமிசத்துக்கு அரைப்பேர்

போன மாதச் சம்பளச் சீட்டில் இரண்டு அரை நாள் வெட்டு. ஒன்று 8.11க்குப் பதிந்ததற்கு, மற்றது 8.12க்கு. வேலை தொடங்குவது 8 மணி, சலுகை 10 நிமிடம். அதைத் தாண்டினால் அரை நாள் போய்விடும்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப ஒனக்கும் அரைப்பேருதானா?" என்று சிரித்தார். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், கொழுந்து எடை குறைந்தாலும் அரைப்பேர் என்று பார்த்து வளர்ந்தவள் நான். ஹட்டனில் கந்தோர் வேலை கிடைத்ததும் அந்தச் சொல்லே இனி நமக்கில்லை என்று நினைத்திருந்தேன்.

கணக்கைப் பாருங்கள். என் மாதச் சம்பளம் 45,000 ரூபா. 30ஆல் பிரித்தால் நாளுக்கு 1,500. எட்டு மணித்தியாலத்துக்கு 480 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு மூன்று ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். பதினொரு நிமிடத்தையும் முழுதாக வெட்டினாலும் 34 ரூபாதான். வெட்டியதோ 750. அதோடு அன்று மாலை 5 மணி வரை வேலையும் வாங்கிக்கொண்டார்கள். 8.11க்கு வந்தவரும் பன்னிரண்டு மணிக்கு வந்தவரும் ஒன்று என்றால், பிந்தியவர் அவசரப்பட்டு ஓடிவர என்ன காரணம் இருக்கிறது?

பிந்தினால் வெட்டவே கூடாது என்று சொல்லவில்லை. தினமும் அரை மணி பிந்துகிறவருக்குப் பதிலாகக் கந்தோர்க் கதவைத் திறந்து வைப்பவரின் எரிச்சல் எனக்கும் தெரியும். பத்தாவது நிமிடம் வரை ஒன்றுமில்லை, பதினோராவதில் அரை நாள் என்பதுதான் பிழை. தாண்டிய நிமிடங்களை மாத முடிவில் கூட்டி அந்த அளவுக்கு வெட்டட்டும், நான் வாயே திறக்கமாட்டேன். அப்படிக் கூட்டினால் மாலையில் 5.20 வரை இருந்ததையும் சேர்க்க வேண்டிவரும். அதனால்தானோ என்னவோ, அந்தப் பேச்சே எழுவதில்லை.

அடுத்தது, நேரத்தைத் தீர்மானிப்பது யார்? விரல் மெஷின். இங்கே குளிர் காலையில் விரல் காய்ந்து வெடித்திருக்கும், இல்லாவிட்டால் ஈரமாக இருக்கும். 8.11 பதிவான அன்று நான் மெஷின் முன் நின்றது 8.09க்கு. மூன்று தடவை விரலை ஏற்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற அண்ணனுக்கும் அதே கதி. மெஷின் ஏற்காத தடவைகளைப் பதிவில் காட்டுவதில்லை, ஏற்ற நேரம் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாவது நாள் எனக்குச் சந்தேகம் வந்து, போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டு நேரமும் தெரிய ஒரு படம் எடுத்தேன். மெஷின் மூன்று நிமிடம் முன்னால் ஓடியது. அதாவது அந்த 8.12 உண்மையில் 8.09. படத்தைக் காட்டியதும் அந்த 750ஐத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். முதல் நாள் வெட்டைக் கேட்டேன். "அன்னைக்குப் படம் இருக்கா தங்கச்சி?" என்றார் கணக்குப் பார்ப்பவர். இல்லை. அது அப்படியே நிற்கிறது.

இப்போது பிந்துகிற நாளெல்லாம் விரல் வைப்பதற்கு முன் போனைத்தான் எடுக்கிறேன். அதற்கும் அரை நிமிடம் போகிறது.