டைம் ஜோன் மாறினால் மெசேஜ் அழியாது

இங்கே ஒருவர் சொன்னது: "பாரிஸிலிருந்து வந்து எஸ்எம்எஸ் பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணினால் டைம் ஜோன் குழம்பி பாதி மெசேஜ் அழிஞ்சிடும்."

அழியாதுங்க. எஸ்எம்எஸ் பேக்கப் ஃபைலைத் திறந்து பாருங்கள், மெசேஜின் நேரம் இப்படி ஒரு எண்ணாகப் பதிவாகியிருக்கும்:

```
date="1735678800000"
```

உலகப் பொது நேரப்படி 1970 தொடக்கத்திலிருந்து ஓடிய மில்லிசெகண்ட் கணக்கு அது, எந்த ஊருக்குப் போனாலும் மாறாது. முத்தியால்பேட்டைக்கு வந்த என் மச்சான், 2024 டிசம்பர் 31 இரவு 10 மணிக்குப் பாரிஸில் அனுப்பிய வாழ்த்தைக் காணோம் என்று ஒரு மணி நேரம் புலம்பினார். அது ஜனவரி 1, அதிகாலை 2:30 என்று அடுத்த தேதிக்குக் கீழே பத்திரமாக இருந்தது, ஏனென்றால் குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம்.

இதே பேச்சில் ஒரு அண்ணன் "கடிகாரத்தில்தான் கோளாறு" என்றது பாதி சரி. ஜோனை பாரிஸிலேயே விட்டுவிட்டு மணியை மட்டும் கையால் இந்திய நேரத்துக்குத் தள்ளி வைத்தால் அந்த எண்ணே நாலரை மணி நேரம் கூடிப் பதிவாகும். அப்புறம் கடிகாரத்தைச் சரிசெய்தாலும், ரீஸ்டோரில் எண்படி அடுக்கும்போது சரிசெய்த பிறகு வந்த பதில் மேலேயும் அதற்கு முன் கேட்ட கேள்வி கீழேயும் நிற்கும்.

கடலூர் அக்கா, ரீஸ்டோர் செய்த பிறகு கடைசியாக வந்த மெசேஜ்களைக் காணோம் என்றீர்களே, உங்கள் கதை வேறு. இரவு 2 மணி பேக்கப்புக்குப் பிறகு வந்தவை அந்த ஃபைலில் ஏறவே இல்லை. பழைய போன் இன்னும் கையில் இருக்கிறதா?