நகத்தைக் கெடுத்தது ஜெல் இல்லை, உரித்த கைதான்

நேற்று எல்லோரும் பகிர்ந்த அந்த வீடியோவைப் பற்றித்தான் சொல்கிறேன். அதில் ஒருவர் ஜெல் நெயில் பாலிஷை ஓரத்தில் கிளப்பி ஒரே இழுப்பில் உரித்துவிட்டு, "பாருங்கள், ஜெல் என் நகத்தை அரித்துவிட்டது" என்கிறார். உரிக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு எனக்குக் கிடைத்த பெயர் "மேதாவி".

நகம் மெல்லிய கெரட்டின் அடுக்குகளால் ஆனது. ஜெல் மேல் அடுக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் அந்த அடுக்கும் சேர்ந்து வரும். வீடியோவில் தெரிந்த வெள்ளைத் திட்டுகள் அப்படிப் பிய்ந்த இடங்கள்தான்.

இது எனக்கு நடந்தது, அதனால்தான் சொல்கிறேன். வீட்டில் முதல்முறை போட்டபோது கருநீல ஜெல்லைக் கட்டைவிரலில் தடிமனாகப் பூசி, ஜெல்லை இறுக்கும் விளக்கில் 60 விநாடி வைத்தேன். ஐந்தாம் நாள் ஓரம் தூக்கியது, உரித்தேன். அடிப்பக்கம் இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. விளக்கு ஜெல்லைக் காயவைப்பதில்லை. அதன் ஒளி ஜெல்லில் உள்ள ஒரு பொருளைத் தூண்டி, சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கிறது. அடர்ந்த நிறமி ஒளியை மறித்துவிடும். கட்டைவிரல் சாய்ந்திருந்தால் ஒளி நேராக விழாது. அதனால் மேலே கெட்டி, கீழே இறுகாத பிசுபிசுப்பு. இப்போது மெல்லிய பூச்சாக இரண்டு முறை பூசுகிறேன், கட்டைவிரலைத் தனியாக வைக்கிறேன். விளக்கின் அட்டைப்பெட்டியில் எழுதிய வாட் எண்ணை நம்பாதீர்கள். உங்கள் ஜெல் எந்த அலைநீளத்துக்கு இறுகுமோ அதை விளக்கு தர வேண்டும். ஜெல் தயாரித்தவர்கள் சொல்லும் விளக்கே பாதுகாப்பு.

"ஜெல்லை அகற்றும் அசிட்டோனும் நகத்தைக் காயவைக்குமே" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், காயவைக்கும், சுற்றியுள்ள தோலும் வெளுக்கும். எண்ணெய் தடவினால் சரியாகும். பிய்ந்த அடுக்கு எதைத் தடவினாலும் ஒட்டாது. மேல்பூச்சின் பளபளப்பை மட்டும் அரத்தால் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து அலுமினியத் தாளால் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். ஜெல் கரையாது, ஊதிச் சுருங்கித் தானே கிளம்பும். மரக்குச்சியால் லேசாகத் தள்ளினாலே வரும். வராவிட்டால் மறுபடி சுற்றுங்கள், சுரண்டாதீர்கள்.

"பொறுமை யாருக்கு இருக்கு?" என்று ஒரு பதில். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். என் கட்டைவிரல் முழுதாகத் தேற ஆறு மாதம் ஆனது. அந்தப் பொறுமை மட்டும் எங்கிருந்து வந்தது?

என் அக்காவை நினைத்துத்தான் இவ்வளவு கோபம். சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு அவளுக்கு ஒவ்வாமை வந்துவிட்டது. இப்போது ஒரு துளி பட்டாலும் விரல் சிவந்து அரிக்கிறது. பல் அடைக்கப் போனாலும் மருத்துவரிடம் முதலில் இதைச் சொல்கிறாள், அங்கேயும் இதே குடும்பத்து ரசாயனம் இருக்கிறது என்பதால். அதையும் அந்த வீடியோவின் கீழே எழுதினேன். நான்கு பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.