வலது கால் இல்லாதவரும் இயந்திரத்தில் தைக்கலாம்

"வலது கால் போனவரைத் தொழிற்சாலைத் தையல் இயந்திரத்தில் அமர்த்த முடியாது. நூல் வெட்டும் வேலைதான் கொடுக்கலாம்."

இப்படிச் சிலர் சொல்கிறார்கள். இது தவறு. போரில் கால் இழந்த எத்தனையோ பேர் வாழும் வன்னியில் இப்படிச் சொல்வது ஒருவரின் தொழிலையே பறித்துவிடும்.

மிதியை இடது காலாலும் இயக்கலாம். அதன் திருகாணிகளைத் தளர்த்திச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள். மிதியை மோட்டாரோடு இணைக்கும் இரும்புக் கம்பி அதிகம் சாய்ந்தால் மிதி இறுகும். அப்போது கொஞ்சம் திருப்பி நகர்த்த வேண்டும்.

உண்மையான சிக்கல், துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கும் முழங்கால் தட்டு. அது வலப்பக்கம் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே இழந்தவர் பெரும்பாலும் தன் முழங்காலாலேயே அதைத் தள்ளிவிடுவார். மேலே இழந்தவருக்கு அது கடினம். அவர் இயந்திரத்தின் பின்புறமுள்ள கைநெம்பைப் பயன்படுத்தலாம். நீண்ட நேர்த்தையலுக்கு அது போதும். அடிக்கடி நிறுத்தித் துணியைத் திருப்பும் கழுத்துப்பட்டி வேலையில் வேகம் குறையும், ஆகவே அவருக்கு நேர்த்தையலைக் கொடுங்கள்.

இதற்கு, வேகத்தைக் கட்டுப்படுத்த உதவும் சர்வோ மோட்டார் ஒன்றே போதும் என்று ஒரு தம்பி சொன்னது பாதி சரி. உச்ச வேகத்தைக் குறைத்துவைத்து இடது காலைப் பழக்கலாம், ஆனால் அந்த மோட்டார் மட்டும் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்காது. மகனின் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும் என்று ஓர் அக்கா கேட்டார்; அக்கா, உங்கள் மகனுக்கு மேசையின் உயரத்தையும் பார்க்க வேண்டும். முதல் வாரங்களுக்கான உற்பத்தி இலக்கை எவ்வளவு தளர்த்துவது என்பதை மேற்பார்வையாளரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும்.