40 சதவீதம் எதற்கு, எதற்கு இல்லை

"தோட்டத்தில் 40 சதவீதம் உறுப்பினர் இல்லாத தொழிற்சங்கத்தின் தலைவரைத் தோட்டத் துரை வேலையிலிருந்து நிறுத்தினால், சட்டத்தில் ஒன்றும் செய்ய முடியாது."

தவறு. 1999இல் இலங்கையின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 32அ பிரிவில், அந்த 40 சதவீதம் ஒரே ஒரு விடயத்துக்குத்தான்: அவ்வளவு உறுப்பினர் கொண்ட சங்கத்துடன் பேரம் பேச நிர்வாகம் மறுக்க முடியாது. சங்க வேலைக்காக ஒருவரை நீக்குவதும், ஒரு சங்கத்தை விட்டு விலகச் சலுகை காட்டுவதும் எண்ணிக்கை எதுவானாலும் குற்றம்.

300 பேர் வேலை செய்யும் தோட்டத்தில் 60 பேரின் சங்கத் தலைவர் நிறுத்தப்படுகிறார் என்று வையுங்கள். கடிதத்தில் "கொழுந்து நிறை குறைவு" என்றுதான் இருக்கும். சங்கம் என்ற சொல்லே வராது. அதே நிறை பறித்த மற்றவர்கள் வேலையில் இருக்கிறார்களா? செக்ரோல் பதிவேடும் நிறைச் சீட்டுகளும் அதைக் காட்டிவிடும். உடனே பிரதிகளைச் சேர்த்து வையுங்கள்.

வழி இரண்டு. தொழில் திணைக்களத்தில் முறையிட்டால், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வது திணைக்களமே. தண்டனை பெரும்பாலும் அபராதம். இழந்த வேலையைக் கேட்க, தொழில் நியாய சபைக்கு ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவர் சார்பில் சங்கமும் விண்ணப்பிக்கலாம். முறைப்பாட்டுக்குப் பதில் வரட்டும் என்று அந்த ஆறு மாதத்தைக் கைவிட்டுவிடாதீர்கள்.