பச்சைக் கோடு ரீசெட்டில் போகாது

"போன்ல பச்சைக் கோடு விழுந்தா ரீசெட் பண்ணி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சா போயிடும், டிஸ்பிளே மாத்த வேணாம்னு வாட்ஸ்அப்ல வருதே, உண்மையா?"

உண்மை இல்லை. அமோலெட் திரையின் ஓரத்தில் மெல்லிய ஃப்ளெக்ஸ் பட்டை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சிக்னல் அதன் வழியாகத்தான் போகிறது. சூட்டிலோ அழுத்தத்திலோ அந்த ஒட்டு விட்டுப்போனால் ஒரு நெடுவரிசை மட்டும் அணையாமல் எரியும். அதுதான் கோடு. ஒட்டை மென்பொருளால் சேர்க்க முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

போன வாரம் காட்பாடியில் என் கடைக்கு ஒரு அக்கா வந்தார். ரீசெட் செய்து பிள்ளையின் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. கோடு அப்படியே இருந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது. முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம். அதில் கோடு இல்லையென்றால் கோளாறு பேனல் பக்கம்தான். ஆன் செய்யும்போது லோகோ மேலேயே கோடு தெரிந்தாலும் அப்படித்தான்.

மினுக்கல் வேறு விஷயம். வெளிச்சத்தைக் குறைத்தால் மட்டும் மினுக்கினால், தானியங்கி பிரைட்னஸை அணைத்து, ரெஃப்ரெஷ் ரேட்டை 60-இல் வைத்துப் பாருங்கள். சில போன்களில் நின்றுவிடும். கீழே விழுந்த பிறகு மினுக்கினால் கனெக்டர் நழுவியிருக்கலாம், கழற்றி மாட்டினால் சரியாகும். கறுத்துப்போன புள்ளி திரும்பாது. நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி, எல்சிடி திரையில் சிலசமயம் தானாக விடும்.

பச்சைக் கோட்டுக்குப் பேனலை மாற்றுவதுதான் வழி. பணம் கொடுக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். சில மாடல்களுக்கு வாரண்டி முடிந்தும் இலவசமாக மாற்றித் தந்திருக்கிறார்கள்.