15 லட்சத்துக்கு மொத்தமும் 15 சதவீதமா?

"கஞ்சிக்கோட்டில் வேலை, சம்பளம் 15 லட்சம். மொத்தத்துக்கும் 15 சதவீதம் வரியா?"

இல்லீங்க. 2025-26 நிதியாண்டின் புதிய வருமான வரி முறையில் கணக்கு இதுதான். முதலில் நிலைக்கழிவு 75,000 போக, வரிக்குரியது 14,25,000. இதில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மிச்சம் 2,25,000-க்கு மட்டும்தான் 15 சதவீதம், 33,750. கூட்டினால் 93,750. அதன்மேல் 4 சதவீத செஸ் 3,750 சேர்த்து 97,500.

பஞ்சாயத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரியைப் பலர் இதில் கழிக்கிறார்கள். பழைய முறையில் கழிக்கலாம், புதியதில் முடியாது.

சம்பளம் கூடினால் கையில் வருவது குறையும் என்ற பயத்துக்கு ஓர் இடத்தில் கொஞ்சம் அர்த்தம் உண்டு. சம்பளம் 12,75,000 என்றால் நிலைக்கழிவு போக வரிக்குரியது 12 லட்சம், அதற்குள்ள தள்ளுபடியும் போக வரி பூஜ்யம். 13,00,000 ஆனால் வரிக்குரியது 12,25,000, அடுக்குக் கணக்கில் வரி 63,750 வரும். ஆனால் 12 லட்சத்தைத் தாண்டிய 25,000-க்கு மேல் வரி கேட்கக்கூடாது என்று விதி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், செஸ் 1,000 அதற்கு வெளியே! ஆக 25,000 கூடி, 26,000 போகும். சம்பள ரசீதில் 63,750 கணக்கில் பிடித்திருந்தால் அந்தச் சலுகையைச் சேர்க்க விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.