'சில வேளைகளில் சர்ச்சை' எண்டால் என்ன?

ரெண்டு நாளா ஒரு வரி மண்டைக்குள்ள கிடந்து குடையுது, எழுதிப் போட்டாத்தான் சரி வரும் போல.

2019ல இலக்கிய நோபல் பீட்டர் ஹாண்ட்கேக்கு குடுத்தாங்க, ஆஸ்திரிய எழுத்தாளர், ஞாபகம் இருக்கும். அந்த நேரம் சுவீடிஷ் அகாடமி வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்ப நான் இப்பதான் ஆறுதலா இருந்து வாசிச்சன். நல்லா எழுதின குறிப்பு, அத மறுக்கேலா. 1942ல கிரிஃபென் எண்ட ஊர்ல பிறந்தவர், தாய் ஸ்லோவேனிய சிறுபான்மை, தகப்பன் ஜெர்மன் படைக்காரன், வளர்ந்தாப் பிறகுதான் தகப்பனையே கண்டவர் எண்டெல்லாம் வருது. தாய் தற்கொலை செய்து செத்ததையும் மறைக்கல்ல, அதுக்குப் பிறகு தாயப் பத்தி 1972ல வந்த புத்தகத்தயும் அன்பாச் சொல்லியிருக்கு. ஒரு மனிசன்ட வீட்டுத் துக்கத்துக்கு இவ்வளவு இடம் குடுத்திருக்காங்களே எண்டு நினைச்சுக்கொண்டே போனன்.

மறுகா அந்த வரி வந்திச்சு. சில வேளைகளில் சர்ச்சையக் கிளப்பியிருந்தாலும், பிரெஞ்சு எழுத்தாளர் சார்த்தர் மாதிரி அரசியல்ல இறங்கின எழுத்தாளர் எண்டு இவரச் சொல்லேலா, அரசியல் திட்டம் எதையும் இவர் நமக்குத் தாறதில்ல. இதான் கருத்து. என்ன சர்ச்சை? எங்க? ஆரோட? ஒண்டும் இல்ல. "இருந்தாலும்" எண்ட சொல்லுக்கு முன்னால நிக்கிற அரை வாக்கியம், வாசிக்கிறவன் அதத் தாண்டித்தான் போவான், முக்கியமான சங்கதி பின்னால வருது எண்டுதானே அந்த வாக்கியமே சொல்லுது.

அந்த அரை வாக்கியத்துக்குள்ள கிடக்கிறத நான் சொல்றன். 1995 யூலையில பொஸ்னியாவுல ஸ்ரெப்ரெனிட்சா எண்ட இடத்துல பொஸ்னிய சேர்பியப் படை எண்ணாயிரம் அளவு முஸ்லிம் ஆம்பிளைகளயும் பொடியன்மாரயும் கொண்டுபோய்க் கொன்றது, சர்வதேச நீதிமன்றங்கள் இனப்படுகொலை எண்டு தீர்ப்புச் சொன்ன சம்பவம். அது நடந்து ஒரு வருசமும் ஆகல்ல, 1996 ஜனவரியில ஹாண்ட்கேட சேர்பியப் பயணக் கட்டுரை ஒரு பெரிய ஜெர்மன் பத்திரிகையில வந்திச்சு. பிறகு புத்தகமா வந்தப்ப தலைப்புலயே "சேர்பியாவுக்கு நீதி" எண்டு இருந்திச்சு. மேற்கு நாட்டுச் செய்தியாளர்மார் எழுதினதெல்லாத்தயும் சந்தேகப்பட்டு எழுதினவர். பிறகு 2006 மார்ச்ல சேர்பியாட முன்னாள் சனாதிபதி மிலோசெவிச் ஹேக்ல போர்க்குற்ற வழக்கு முடிய முன்னமே செத்தப்ப, பொஸாரெவாட்ஸ்ல நடந்த செத்த வீட்டுக்குப் போய் சனத்துக்கு முன்னால பேசினவர். அதாலதான் அதே வருசம் டுஸல்டோர்ஃப் நகரம் குடுக்க இருந்த ஹைன பரிசு பெரிய பிரச்சினையாகி, கடைசியில அவரே வேணாமெண்டு விட்டவர்.

செத்த வீட்டுல பேசினது அரசியல் இல்லையா? பேசினத சரி எண்டு சொல்றாக்களும் இருக்காங்க, நல்லா எழுதுறவனுக்கு எழுத்துக்குத்தான் பரிசு எண்டு சொல்றாக்களும் இருக்காங்க, அத வச்சு நாம விடிய விடியக் கதைக்கலாம். ஆனா கதைக்கிறதுக்கு அந்த ஊர்ப் பேரும் திகதியும் குறிப்புல இருக்கணுமே. பரிசு குடு, ஆனா இன்ன வருசம் இன்ன இடத்துல இப்படி நிண்டவர், தெரிஞ்சுதான் குடுக்கிறம் எண்டு எழுது. பீட்டர் எங்லுண்ட், அகாடமிட முன்னாள் நிரந்தரச் செயலாளர், 2019 நோபல் கொண்டாட்டத்துல கலந்துகொள்ள மாட்டன் எண்டு சொன்னவர். உள்ளுக்குள்ள இருந்த ஆளுக்கே பொறுக்கல்ல.

எனக்கேன் இது இவ்வளவு சுடுது எண்டா, இதே வேலைய நானும் பார்த்திருக்கன். சில வருசத்துக்கு முன்ன மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் வடமோடிக் கூத்துப் பழக்கிற ஒரு அண்ணாவியாருக்கு விருது குடுத்தாங்க, விழா மலருக்கு குறிப்பு எழுதித் தரச் சொல்லி என்னட்டக் கேட்டாங்க. அவர்ர மூத்த பொடியன 1990ல பிடிச்சுக்கொண்டு போனது, பிறகு ஆறு வருசம் அவர் மத்தளத்தத் தொடல்ல, சலங்கையச் சாக்குல கட்டி முகட்டுல ஏத்தி வச்சவர், இதெல்லாம் எழுதித்தான் குடுத்தன். மலர் அச்சாகி வந்தப்ப அந்த இடத்துல "நாட்டில் நிலவிய அசாதாரண சூழ்நிலை காரணமாக சிறிது காலம் கலைப்பணியில் ஈடுபட முடியவில்லை" எண்டு கிடந்திச்சு. நமக்குத் தெரியாத வரியா இது, பள்ளிக்கூட மலர்ல இருந்து கோயில் மலர் வரைக்கும் இந்த ஒரு வரியத்தானே வாசிச்சு வளந்தம். 1990ல சனத்தக் கொன்ற சத்துருக்கொண்டானும் அதுக்குள்ளதான், அதே வருசம் தொழுதுகொண்டிருந்தாக்களச் சுட்ட காத்தான்குடிப் பள்ளிவாசலும் அதுக்குள்ளதான். ஆரு செய்தது, ஆருக்கு நடந்தது ரெண்டும் இல்லாம, மழை பெய்ஞ்ச மாதிரி ஒரு சூழ்நிலை "நிலவி"ட்டுப் போயிடும். மலரக் கையில வச்சிருந்தும் நான் ஒரு வார்த்தை கேக்கல்ல, விழா நல்லா நடக்கட்டும் எண்டு விட்டுட்டன். அது பிழை.

அண்ணாவியார்ட பொஞ்சாதிக்கு எழுத்து வாசிக்கத் தெரியா, என்னட்ட மலரத் தந்து வாசிச்சுக் காட்டச் சொன்னா. நான் முழுக்க வாசிச்சன். முடிஞ்சாப் பிறகு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பொடியன்ட பேர் எவடத்த மனே கிடக்கு?" எண்டு கேட்டா.

அண்ணாவியார் போன வருசம் மோசம் போயிட்டார். முப்பத்தொண்டுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போட்டம், குறிப்பு நான்தான் எழுதினன், அச்சகத்துல பக்கத்துலயே இருந்து பார்த்தன். மூண்டாவது பந்தியில பொடியன்ட பேரும் திகதியும், கொண்டுபோன சந்தியும் இருக்கு.